கட்டி முடியாத ஃபிளாட்டுக்கு மாத வட்டி: ப்ரீ-இஎம்ஐயைக் கணக்கிடுவது, சரிபார்ப்பது, குறைப்பது

பெங்களூருவில் கட்டுமானத்தில் இருக்கும் ஃபிளாட்டை வாங்கினால், வங்கி மொத்தக் கடனையும் ஒரே நாளில் தராது. அடித்தளம், ஒவ்வொரு ஸ்லாப், பூச்சு, தரை என்று வேலை ஏற ஏற பில்டருக்குப் பகுதி பகுதியாக விடுவிக்கும். கடன் முழுவதும் வெளியே போகும் வரை வழக்கமான இஎம்ஐ தொடங்காது. அதுவரை விடுவித்த தொகைக்கு மட்டும் மாதாமாதம் வட்டி கட்ட வேண்டும். இதைத்தான் ப்ரீ-இஎம்ஐ என்கிறார்கள். இதில் ஒரு ரூபாய்கூட அசலில் கழியாது.

கடன் வாங்குபவர்கள் பெரும்பாலும் வட்டி விகிதத்தைப் பற்றித்தான் பேரம் பேசுவார்கள். ஆனால் ப்ரீ-இஎம்ஐயின் மொத்தச் செலவைத் தீர்மானிப்பது தேதிகள்: எந்தக் கட்டத்துக்கு எந்த நாளில் எவ்வளவு பணம் வெளியேறியது என்பது. விகிதத்தில் கால் சதவீதம் குறைத்து வாங்குவதைவிட, தேதிகளைக் கையில் வைத்திருப்பதில் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் அதிகம்.

கணக்கு போடும் முறை

சூத்திரம் எளிது. இதில் கூட்டு வட்டி இல்லை.

```
மாத வட்டி = இதுவரை விடுவித்த தொகை × ஆண்டு வட்டி % ÷ 1200
நாள் வட்டி = தொகை × ஆண்டு வட்டி % × நாள்கள் ÷ 36500
```

முழு மாதத்துக்கு முதல் வரி. மாத நடுவில் பணம் விடுவித்தால், அந்த மாதத்தின் மீதி நாள்களுக்கு இரண்டாவது வரி.

ஓர் உதாரணத்தைக் கடைசி வரை தொடர்வோம். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு ஃபிளாட், விலை 80 லட்சம். கடன் 60 லட்சம், கைப்பணம் 20 லட்சம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 முதல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இங்கே 75 சதவீதம்தான், சிக்கல் இல்லை. ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 4 லட்சம் தனி. அதையும் கையிலிருந்தே தருவதாக வைத்துக்கொள்வோம். வட்டி 8.4 சதவீதம், காலம் 20 ஆண்டு. விகிதம் நடுவில் மாறவில்லை என்று கொள்வோம். அப்படியானால் ஒரு லட்சத்துக்கு மாத வட்டி 700 ரூபாய். கடன் முழுதும் வெளியேறிய பின் வரும் இஎம்ஐ 51,690.

பில்டரின் அட்டவணை பத்துக் கட்டம், ஒவ்வொன்றும் 8 லட்சம். புக்கிங், அக்ரிமென்ட் இரண்டும் கைப்பணம். அடித்தளத்துக்கு 4 லட்சம் கையிலிருந்து, 4 லட்சம் வங்கியிலிருந்து. அதன் பிறகு எல்லாமே வங்கி. வங்கியின் முதல் பணம் 2024 ஜூலை 1 அன்று போகிறது.

| கட்டம் | வங்கி இதுவரை விடுவித்தது | மாத வட்டி | எத்தனை மாதம் | அந்தக் காலத்து வட்டி |
|---|---|---|---|---|
| அடித்தளம் | 4 லட்சம் | 2,800 | 3 | 8,400 |
| பேஸ்மென்ட் ஸ்லாப் | 12 லட்சம் | 8,400 | 3 | 25,200 |
| 4-ஆம் மாடி ஸ்லாப் | 20 லட்சம் | 14,000 | 3 | 42,000 |
| 8-ஆம் மாடி ஸ்லாப் | 28 லட்சம் | 19,600 | 3 | 58,800 |
| 12-ஆம் மாடி ஸ்லாப் | 36 லட்சம் | 25,200 | 4 | 1,00,800 |
| சுவர், பூச்சு | 44 லட்சம் | 30,800 | 4 | 1,23,200 |
| தரை, கதவு | 52 லட்சம் | 36,400 | 4 | 1,45,600 |
| சாவி | 60 லட்சம் | இஎம்ஐ தொடக்கம் | | |

இருபத்து நான்கு மாதத்தில் மொத்தம் 5,04,000 ரூபாய். இதில் முதல் ஆண்டு முழுவதற்கும் சேர்ந்து 1,34,400 தான். மீதி, மொத்தத்தில் முக்கால் பங்குக்கு நெருக்கமான தொகை, அதாவது 3,69,600, இரண்டாம் ஆண்டில் வருகிறது. வாடகை 25,000 கொடுத்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்குக் கடைசி நான்கு மாதத்தில் வாடகையும் வட்டியுமாக 61,400 போகும். குடியேறியபின் வரும் இஎம்ஐயைவிட இது அதிகம். பதிவுச் செலவும் அதே சமயம் வந்து நிற்கும். கர்நாடகத்தில் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், 2025 ஆகஸ்ட் 31 முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மேல்வரிகள் தனி. மர வேலை, மின்விசிறி, திரைச்சீலை எல்லாம் அதற்கும் மேல். ஆகவே பட்ஜெட் போடும்போது இஎம்ஐயை வைத்துப் போடாதீர்கள். கடைசி நான்கு மாதத்தை வைத்துப் போடுங்கள்.

கையெழுத்துக்கு முன்: சாங்க்ஷன் லெட்டரில் தேட வேண்டியவை

முதலில், இஎம்ஐ எப்போது தொடங்கும் என்ற வரி. சில கடன்களில் "முழு விடுவிப்புக்குப் பிறகு" என்று இருக்கும். சிலவற்றில் "முழு விடுவிப்பு அல்லது முதல் விடுவிப்பிலிருந்து இத்தனை மாதம், எது முந்தியதோ அது" என்று இருக்கும். இரண்டாவது வகையில் பில்டர் தாமதித்தாலும் குறிப்பிட்ட மாதத்தில் இஎம்ஐ தானாகத் தொடங்கிவிடும். வாடகையோடு சேர்த்து அதைக் கட்ட முடியுமா என்று அன்றே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கட்டுமானக் கால வட்டியை மாதாமாதம் கட்ட வேண்டுமா, இல்லை அசலோடு சேர்த்துவிடுவார்களா என்பது. "இப்போது எதுவும் கட்ட வேண்டாம்" என்று சொல்லும் கடன்களில் நடப்பது பின்னது. மேலே சொன்ன 5 லட்சத்துச் சொச்சம் வட்டி கடனில் ஏறி, அதற்கும் 20 ஆண்டு வட்டி கட்ட நேரும்.

கடைசியாக, கைப்பணம் முதலில் போகுமா, அல்லது ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் பங்கும் வங்கியின் பங்கும் விகிதப்படி போகுமா என்பது. பல வங்கிகள் கைப்பணத்தை முதலில் போடச் சொல்லும். சில வீட்டுக்கடன் நிறுவனங்கள், புக்கிங் பணம் கட்டியவுடனே விகிதப்படி விடுவிக்க முன்வரும். கையில் பணம் நிற்கிறதே என்று பலருக்கு இது சலுகையாகத் தோன்றும். நம் கணக்கில் பார்ப்போம். புக்கிங் 8 லட்சம் மட்டும் கைப்பணம், மீதி ஒன்பது கட்டங்களில் வங்கி தலா 6.67 லட்சம், அக்ரிமென்ட் கட்டம் அடித்தளத்துக்கு இரண்டு மாதம் முன்பு என்று வைத்தால், மொத்த ப்ரீ-இஎம்ஐ 5,97,333 ஆகிறது. வீடும் கடனும் வட்டியும் அவையேதான். வரிசையை மாற்றியதற்கு மட்டும் 93,000 ரூபாய் கூடுதல். அந்தக் கைப்பணத்தை டெபாசிட்டில் போட்டால் கொஞ்சம் திரும்ப வரும்தான். ஆனால் டெபாசிட் வட்டிக்கு வரி போன பிறகு 8.4 சதவீதம் மிஞ்சுவது அரிது.

லோன் ஏஜென்ட் சீக்கிரம் விடுவிக்கச் சொல்லி அவசரப்படுத்துவதற்குப் பின்னால் ஒரு கணக்கு உண்டு. அவருடைய கமிஷன் விடுவித்த தொகையின் பேரில்தான் வரும்.

பில்டரின் அட்டவணையையும் இதே கண்ணோடு படியுங்கள். உயரமான கட்டடத்தில் ஸ்லாப்புகள் வேகமாக ஏறும். பூச்சு, குழாய், மின்சாரம், லிஃப்ட், குடியேற அனுமதிக்கும் சான்றிதழான ஓ.சி. ஆகியவைதான் இழுக்கும். கடைசி ஸ்லாப்போடு 85, 90 சதவீதத்தை வாங்கிவிடும் அட்டவணை, மெதுவாக நகரும் காலம் முழுவதும் உங்களை உச்ச வட்டி கட்ட வைக்கும். பூச்சுக்கும் சாவிக்கும் 25, 30 சதவீதமாவது மிஞ்சியிருக்கும் அட்டவணையே நல்லது. அக்ரிமென்ட் பதிவாகும் முன்பு இதைப் பேசலாம். பதிவான பிறகு பேச முடியாது. அக்ரிமென்ட் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரேராவின் 13-ஆம் பிரிவு பில்டரை அனுமதிப்பதில்லை என்பதால், பேசுவதற்கு அந்த இடைவெளி இருக்கிறது.

டிமாண்ட் லெட்டர் வந்த நாளில்

ஸ்லாப் முடிந்ததாக பில்டர் அனுப்பும் கடிதத்தை அப்படியே வங்கிக்கு அனுப்பி வைப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. நான்கு வேலைகளை முடித்துவிட்டு அனுப்புங்கள்.

1. வேலை உண்மையிலேயே அந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறதா என்று பாருங்கள். நேரில் போவது மேல். முடியாவிட்டால் `rera.karnataka.gov.in` தளத்தில் அந்தத் திட்டத்தின் காலாண்டு விவரத்தைத் திறந்து பாருங்கள். கடிதம் பேசுவது உங்கள் டவரைப் பற்றியா, பக்கத்து டவரைப் பற்றியா என்பதைக் கவனியுங்கள். ஒரே திட்டத்தில் ஆறு டவர் இருக்கும் இடங்களில் இந்தக் குழப்பம் சகஜம்.

2. கடிதத்தில் உள்ள சதவீதத்தை அக்ரிமென்டில் உள்ள அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இரண்டு கட்டங்களை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருந்தால் முடிந்த கட்டத்துக்கு மட்டும் திருத்திய கடிதம் கேளுங்கள். நம் உதாரணத்தில் 8 லட்சம் ஒரு மாதம் முன்கூட்டிப் போனால் 5,600 ரூபாய் வீண். ஏழு கட்டமும் இப்படி ஒவ்வொரு மாதம் முந்தினால் 39,200.

3. வரிப் பிடித்தத்தைச் சரிசெய்யுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் ஒவ்வொரு கட்டத் தொகையிலும் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். வங்கி நேராக பில்டருக்குப் பணம் அனுப்பினாலும் பொறுப்பு உங்களுடையதுதான். 8 லட்சத்தில் 8,000 பிடித்தம், மீதி 7,92,000-ஐ விடுவிக்கச் சொல்வதா, முழு 8 லட்சம் போய் பில்டர் 8,000-ஐத் திருப்புவதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்தால் கணக்கு குழம்பாது.

4. கெடு தேதியைப் பார்த்து, அதற்குள் பணம் போய்ச் சேரும்படி விடுவிப்புக் கோரிக்கை கொடுங்கள். வட்டியை மிச்சப்படுத்தக் கெடுவைத் தாண்டி இழுப்பது வேலைக்காகாது. கர்நாடக ரேரா விதியில் தாமத வட்டி, ஸ்டேட் வங்கியின் அடிப்படைக் கடன் விகிதமான எம்சிஎல்ஆரின் உச்ச அளவுடன் 2 சதவீதம். உங்கள் கடன் வட்டியைவிட அது கூடுதல்.

இங்கே ஓர் இடறல் உண்டு. வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பி, அவர் சொல்லும் சதவீதம் வரைதான் விடுவிக்கும். பில்டர் 60 சதவீதம் கேட்க, மதிப்பீட்டாளர் 52 சதவீதம்தான் முடிந்திருக்கிறது என்று எழுதினால், இடைப்பட்டதைக் கையிலிருந்து தரும்படி பில்டர் கேட்பார். உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். வங்கியின் அறிக்கை, வேலை அந்த அளவுக்கு வரவில்லை என்பதற்கு உங்கள் கையில் கிடைத்த சாட்சி. அதைச் சொல்லி பில்டரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

முதல் மாத வட்டியைச் சரிபார்ப்பது

தவறு அதிகம் நடப்பது பணம் வெளியேறும் மாதத்தில்தான். செப்டம்பர் 19 அன்று 8 லட்சம் போனது என்றால், ஒரு நாளைக்கு வட்டி 184 ரூபாய். 19 முதல் 30 வரை பன்னிரண்டு நாளுக்கு 2,209. அந்த மாதம் இந்த 8 லட்சத்துக்கு 5,600 போட்டிருந்தால் முழு மாத வட்டி எடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

இன்னொரு வகை, காசோலைத் தேதி. 5-ஆம் தேதியிட்டு எழுதிய காசோலை வங்கியின் மேஜையிலேயே கிடந்து 19-ஆம் தேதி பில்டர் கைக்குப் போகும். வட்டி 5 முதல் ஓடும். பதினான்கு நாளுக்கு 2,578 ரூபாய். தொகை சிறிதுதான், ஆனால் எட்டு விடுவிப்பிலும் நடந்தால் இருபதாயிரத்தைத் தொடும்.

இவை இரண்டையும், கடன் ஒப்பந்தத் தேதியிலிருந்தே வட்டி போடுவதையும் ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 29 தேதியிட்ட சுற்றறிக்கையில் நியாயமற்ற நடைமுறை என்று பெயர் சொல்லியே கண்டித்திருக்கிறது. அப்படி எடுத்த வட்டியைத் திருப்பித் தரவும், காசோலைக்குப் பதில் மின்னணுப் பரிமாற்றத்தில் பணம் அனுப்பவும் சொல்லியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு விடுவிப்புக்குப் பிறகும் கடன் கணக்கு அறிக்கையை இறக்கி, அதில் உள்ள விடுவிப்புத் தேதியையும் பில்டர் தந்த ரசீதுத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கிளைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு எழுதினால் பதில் வேகமாக வரும். முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கொண்டுபோகலாம்.

வட்டித் தொகை மாதாமாதம் மாறுவதால் உங்கள் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஆணையின் உச்ச வரம்பு முக்கியம். முதல் மாத 2,800-ஐ மனதில் வைத்து 10,000 என்று போட்டுவிட்டால், மூன்றாவது கட்டத்தில் பணம் பிடிபடாமல் திரும்பும். வரம்பை முழு இஎம்ஐக்கு மேலாக, நம் கணக்கில் 55,000 என்று வையுங்கள். "இது வெறும் வட்டிதானே" என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. ப்ரீ-இஎம்ஐ தவறினாலும் கடன் வரலாற்றில் அது தவறிய தவணையாகத்தான் பதிவாகும்.

முழு இஎம்ஐயை முன்பே தொடங்கலாமா

பல வங்கிகள் இந்த வழியையும் தருகின்றன. முதல் விடுவிப்பு மாதத்திலிருந்தே 51,690 கட்டலாம். விடுவித்த தொகைக்கான வட்டி போக மிச்சமெல்லாம் அசலில் கழியும். முதல் மாதத்தில் வட்டி 2,800 போக 48,890 அசலுக்குப் போகிறது.

இதை 24 மாதமும் நடத்தினால், சாவி வாங்கும் நாளில் பாக்கி 60 லட்சத்துக்குப் பதில் 51.87 லட்சம். கட்டுமானக் கால வட்டி 5,04,000-லிருந்து சுமார் 4,27,600 ஆகக் குறைகிறது. அதே இஎம்ஐயைத் தொடர்ந்தால், குடியேறியபின் 240 மாதத்துக்குப் பதில் 174 மாதத்தில் கடன் முடிகிறது.

ஐந்தரை ஆண்டு மிச்சம் என்று விளம்பரத்தில் போடும் இந்தக் கணக்கு பொய்யல்ல. ஆனால் அதற்கு ஈடாக இரண்டு ஆண்டில் ப்ரீ-இஎம்ஐயைவிட 7,36,560 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். வாடகை 25,000-ம் சேர்த்து மாதம் 76,690 முதல் நாளிலிருந்தே போக வேண்டும். இரண்டு சம்பளம் உள்ள வீட்டுக்கு இது சாத்தியம். ஒரு சம்பளத்தில், வேலை மாறும் யோசனையும் இருந்தால், ஆபத்து.

எங்கள் பரிந்துரை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ப்ரீ-இஎம்ஐயைத் தேர்ந்தெடுங்கள். மிஞ்சும் பணத்தை மாதாமாதம் தனியே சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பகுதி முன்செலுத்தலாகக் கட்டுங்கள். தனிநபர் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனில் முன்செலுத்தலுக்கு அபராதம் கிடையாது. வட்டி மிச்சம் ஏறக்குறைய அதேதான். ஒரு மாதம் சம்பளம் தடைபட்டாலும் கட்டாயத் தவணை சிறியதாகவே இருக்கும். ஆனால் முழு விடுவிப்புக்கு முன் பகுதி முன்செலுத்தலை ஏற்கிறார்களா, ஏற்றால் இன்னும் விடுவிக்காத தொகை அதனால் குறையாதா என்ற இரண்டையும் கடன் வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குறையும் என்றால், கடைசிக் கட்டத்தில் அந்தப் பணத்தைத் தேடி அலைய வேண்டிவரும்.

பில்டர் தாமதித்தால்

தாமதம் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறும். அடித்தளத்தில் வேலை ஒரு மாதம் நின்றால் நமக்கு 2,800 ரூபாய் நஷ்டம். தரை போட்ட பிறகு ஓ.சி. வராமல் ஒரு மாதம் நின்றால் 36,400. அங்கே ஓராண்டு நின்றால் 4,36,800. இரண்டு ஆண்டு கட்டுமானம் முழுவதற்கும் கட்டிய வட்டிக்கு இது கிட்டத்தட்ட சமம். அதனால்தான் கடைசி இரண்டு கட்டங்களின் டிமாண்ட் லெட்டரை மற்றவற்றைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

வேலை நின்றுவிட்டது என்று தெரிந்தால், "என் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் அடுத்த கட்டத்தை விடுவிக்க வேண்டாம்" என்று வங்கிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வட்டி கட்டுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். பில்டரோடு உள்ள தகராறு கடன் ஒப்பந்தத்தைப் பாதிக்காது. தொண்ணூறு நாள் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும்.

நஷ்டத்தை மீட்கும் இடம் ரேரா. அக்ரிமென்டில் சொன்ன தேதியில் வீடு தராவிட்டால், 18-ஆம் பிரிவின்படி பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்டு விலகலாம். இல்லையென்றால் வீடு கையில் வரும் வரை ஒவ்வொரு தாமத மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். இந்த வட்டி நீங்கள் கட்டிய ப்ரீ-இஎம்ஐயை அளவாகக் கொள்வதில்லை. பில்டருக்குப் போன மொத்தப் பணத்துக்கும் கணக்கிடப்படும். நம் உதாரணத்தில் கைப்பணம் 20, வங்கிப் பணம் 52, ஆக 72 லட்சம். விகிதம் 10 சதவீதம் என்று வைத்தால் மாதம் 60,000. ப்ரீ-இஎம்ஐயும் வாடகையும் சேர்ந்தாலும் இதற்குச் சற்று மேல்தான். மனுவில் "கட்டிய ப்ரீ-இஎம்ஐயைத் திருப்பித் தரவும்" என்று மட்டும் கேட்பவர்கள் தங்களுக்கு உரியதைக் குறைத்துக் கேட்கிறார்கள்.

"சாவி தரும் வரை ப்ரீ-இஎம்ஐ நாங்கள் கட்டுகிறோம்" என்ற விளம்பரம் இன்னும் அங்கங்கே தென்படும். வங்கியின் கண்ணில் கடனாளி நீங்கள் ஒருவர்தான். பில்டர் ஆறு மாதம் கட்டிவிட்டு நிறுத்தினால், தவறிய தவணை உங்கள் பெயரில்தான் விழும். வேலை நடக்கும் முன்பே மொத்தமாகப் பணத்தை விடுவிக்க இத்தகைய திட்டங்கள் வழி செய்ததால், கட்டுமானக் கட்டத்தோடு விடுவிப்பை இணைக்கும்படி ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொன்னது. தேசிய வீட்டுவசதி வங்கி 2019 ஜூலையில் வீட்டுக்கடன் நிறுவனங்களை இதிலிருந்து விலகச் சொன்னது.

வரியில் திரும்ப வருமா

"கட்டின வட்டியெல்லாம் வரியில் கழியும் சார்" என்று விற்பனை அலுவலகத்தில் சொல்வார்கள். கணக்கு போட்டுப் பார்த்தால் பெரும்பாலோருக்கு வராது.

விதி இதுதான். வீடு முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரை கட்டிய வட்டியைக் கூட்டி, முடிந்த ஆண்டிலிருந்து ஐந்து சம பாகமாகக் கழிக்கலாம். நம் உதாரணத்தில் 2026 ஜூலையில் சாவி. 2024 ஜூலை முதல் 2026 மார்ச் வரை 21 மாத வட்டி 3,94,800. ஆண்டுக்கு 78,960. அதற்குப் பிந்தைய மூன்று மாத வட்டி 1,09,200, நடப்பு ஆண்டு வட்டியோடு சேரும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்திருந்தாலும் இந்த ஐந்து பாக முறை அப்படியே இருக்கிறது.

சிக்கல் உச்ச வரம்பில் இருக்கிறது. பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு நடப்பு வட்டியும் இந்த ஐந்திலொரு பாகமும் சேர்ந்து 2 லட்சம்தான் வரம்பு. 60 லட்சக் கடனில் முதல் ஆண்டின் நடப்பு வட்டி மட்டுமே ஏறக்குறைய 4.85 லட்சம். கணவன் மனைவி இருவரும் உரிமையாளர்களாகவும் கடனாளிகளாகவும் இருந்து தலா 2 லட்சம் கழித்தாலும் நடப்பு வட்டியே அதை நிரப்பிவிடும். 78,960-க்கு இடமில்லை. 8.4 சதவீதத்தில் சுமார் 24 லட்சத்துக்குக் குறைவான கடன் என்றால்தான், ஒருவர் கணக்கில் இந்தப் பாகத்துக்கு இடம் மிஞ்சும். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டிக் கழிவே கிடையாது. வாடகைக்கு விட்டால் மட்டும் வாடகை வருமானத்துக்கு எதிராகக் கழிக்கலாம்.

ஆகவே ஃபிளாட்டை வாடகைக்கு விடும் திட்டம் உள்ளவர்களும் சிறிய கடன் வாங்கியவர்களும் மட்டும் ஒவ்வொரு மார்ச் முடிவிலும் வட்டிச் சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்தினால் பலன் உண்டு. கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் வீடு முடிய வேண்டும் என்பதையும் அவர்கள் கவனிக்க வேண்டும். நம் உதாரணத்தில் அது 2030 மார்ச் 31. தாண்டினால் குடியிருக்கும் வீட்டுக்கு 2 லட்ச வரம்பு 30,000 ஆகச் சுருங்கும். கட்டுமானக் காலத்தில் முன்கூட்டிக் கழித்த அசலுக்கு 80சி கழிவு கேட்க முடியாது, அதைப் பின்னர் பாகம் பிரித்துக் கழிக்கவும் வழியில்லை.

இஎம்ஐக்கு மாறும் இடம்

சாவி வாங்கிக் குடியேறியும் ப்ரீ-இஎம்ஐயிலேயே தங்கிப்போகிறவர்கள் உண்டு. காரணம் கடைசிச் சிறு தொகை. பதிவின்போது தர வேண்டிய 2, 3 லட்சம் மட்டும் விடுவிக்காமல் நிற்கும். பதிவு தள்ளிப்போகும். வங்கியின் கணினிக்குக் கடன் இன்னும் முழுதாக விடுவிக்கப்படாத கடன்தான். மாதம் 40,000 போகும், அசல் அசையாது. தவணை குறைவாக இருப்பதால் யாரும் கேள்வி கேட்பதுமில்லை.

குடியேறிய மாதமே வங்கிக்கு எழுதுங்கள். மூன்று வழி உண்டு: விடுவித்த தொகைக்கு மட்டும் இஎம்ஐ தொடங்கச் சொல்வது, மீதியைக் கையிலிருந்து கட்டி விடுவிக்காத கடனை ரத்து செய்வது, அல்லது பில்டரிடம் பதிவுத் தேதி வாங்கி உடனே விடுவிப்பது. 2 லட்சம் மட்டும் பாக்கி என்றால் இரண்டாவதுதான் வேகமானது. அதன்பின் வங்கி தரும் புதிய தவணை அட்டவணையில் இரண்டு எண்களைச் சரிபாருங்கள். தொடக்க அசல், விடுவித்த மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும், அல்லது முன்செலுத்தியது போன மிச்சமாக இருக்க வேண்டும். காலம் சாங்க்ஷன் லெட்டரில் உள்ளபடி இருக்க வேண்டும். அசல் சில ஆயிரம் கூடுதலாகத் தெரிந்தால், நடுவில் பிடிபடாமல் போன ஏதோ ஒரு மாத வட்டி அதில் ஏறியிருக்கிறது. எந்த மாதம் என்று கணக்கு அறிக்கையில் தேடி, இஎம்ஐ தொடங்கும் முன்பே தனியாகக் கட்டித் தீர்த்துவிடுங்கள்.